வாயைத் திறக்காமல் எழுதும் பேச்சு ஆங்கிலம்

சென்ற பருவத்தில் இளங்கலை முதலாமாண்டு விடைத்தாள்களைத் திருத்தப் போயிருந்தேன். தாளின் பெயர் ஸ்போக்கன் இங்கிலீஷ். மூன்று மணி நேரத் தேர்வு. அறையில் யாராவது வாயைத் திறந்து பேசினால் தாளைப் பிடுங்கி வெளியே அனுப்பிவிடுவார்கள். பேச்சுக்கான தேர்வை இப்படி நடத்துகிறோமே என்று திருத்தும் மேசையில் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள், பிறகு அடுத்த கட்டைப் பிரித்தார்கள். நானும் பிரித்தேன்.

முதல் கேள்வி உரையாடலை நிறைவு செய்வது. ஒரு மாணவர் கட்டணம் செலுத்தக் கல்லூரி அலுவலகத்துக்குப் போகிறார். எழுத்தரின் வசனங்கள் அச்சிடப்பட்டிருக்கும். மாணவரின் வசனங்கள் இருக்கும் இடத்தில் கோடு. முதல் கோட்டுக்குக் கீழே எழுத்தர், "யெஸ், இட் இஸ். பட் வீ க்ளோஸ் அட் த்ரீ" என்கிறார். இரண்டாவது கோட்டுக்குக் கீழே, "யூ நீட் யுவர் ஐடி கார்டு அண்ட் த சலான்". மூன்றாவதற்குக் கீழே, "நோ, கேஷ் ஒன்லி".

என் கையிலிருந்த தாளில் ஒரு மாணவர் முதல் கோட்டில் எழுதியிருந்தது: "சார், இஸ் திஸ் ஃபீஸ் கவுன்டர்?" இரண்டாவதில்: "வாட் ஐ ப்ரிங், சார்?" மூன்றாவதில்: "சார், ஜிபே ஓகே?"

விடைக்குறிப்பு வேறு சொன்னது. "இஸ் த ஆஃபீஸ் ஓப்பன் நவ்?", "வாட் டாக்குமென்ட்ஸ் டு ஐ நீட்?", "கேன் ஐ பே பை கிரெடிட் கார்டு?" கோட்டுக்கு இரண்டு மதிப்பெண். தலைமைத் தேர்வாளர் அந்த மாணவருக்குக் கொடுக்கச் சொன்னது பூஜ்யம், ஒன்று, பூஜ்யம்.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு உண்மையிலேயே ஓர் அலுவலகச் சன்னலுக்குப் போய்ப் பாருங்கள். மூன்று கேள்விகளுக்கும் அந்த எழுத்தர் அதே பதில்களைத்தான் சொல்வார். "இஸ் திஸ் ஃபீஸ் கவுன்டர்?" என்பதற்கு "யெஸ், இட் இஸ்" பொருந்துகிறது. ஒரு 'த' குறைகிறது, அவ்வளவுதான். "ஜிபே ஓகே?" என்பதற்கு "நோ, கேஷ் ஒன்லி" பொருந்துகிறது. வேலை நடந்துவிடும், கட்டணம் கட்டியாயிற்று. தேர்வில் மட்டும் அவர் தோற்றுவிட்டார். கிரெடிட் கார்டு வைத்திருக்கும் முதலாமாண்டு மாணவர் எவரையும் நான் இதுவரை பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.

இந்தக் கேள்வி எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். கோட்டுக்கு மேலே இருப்பதைவிடக் கோட்டுக்குக் கீழே இருக்கும் வசனம்தான் விடையைத் தீர்மானிக்கிறது. கீழே 'யெஸ்' அல்லது 'நோ' வந்தால் மேலே 'இஸ், டு, கேன்' என்று தொடங்கும் கேள்வி. கீழே நேரம் வந்தால் மேலே 'வாட் டைம்'. கீழே இடம் வந்தால் மேலே 'வேர்'. கையேடுகள் சொல்லித்தருவது இதைத்தான்: முதலில் அடுத்த வரியைப் படி, பிறகு கோட்டுக்குத் திரும்பு. தேர்வுக்கு இது நல்ல உத்தி. ஆனால் பேச்சில் யாருக்கும் அடுத்த வரி தெரியாது. எதிரில் நிற்பவர் என்ன சொல்வார் என்று தெரியாமல் வாயைத் திறப்பதற்குப் பெயர்தான் பேசுவது. விடையிலிருந்து கேள்வியைக் கட்டும் இந்தப் பயிற்சி ஓர் இலக்கணப் பயிற்சி. அதில் தவறில்லை, கேள்வி வாக்கியம் அமைக்கத் தெரிகிறதா என்று சோதிக்க வேண்டியதுதான். அப்படியானால் அதன் பெயரை எழுதிவிட்டுச் சோதியுங்கள். மதிப்பெண் பட்டியலில் 'ஸ்போக்கன் இங்கிலீஷ் - தோல்வி' என்று அச்சிட்டால், வேலைக்கு எடுப்பவர் அதை 'இந்தப் பையனுக்குப் பேச வராது' என்றுதான் படிப்பார். அவனை யாரும் பேசவே விடவில்லை என்பது அந்தப் பட்டியலில் இருக்காது.

இந்தக் கேள்வி வடிவம் நம் வினாத்தாள் தயாரிப்பவர்களின் கண்டுபிடிப்பு அல்ல. மொழியியல் ஆய்வில் இதற்கு நெருங்கிய உறவு ஒன்று உண்டு. 1982-இல் ஷோஷனா புளும்-குல்கா என்ற இஸ்ரேலிய ஆய்வாளர், ஹீப்ரு கற்பவர்களும் அதைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் எப்படி வேண்டுகோள் விடுக்கிறார்கள் என்று ஒப்பிட இதைப் பயன்படுத்தினார். பிறகு அவரும் ஜூலியன் ஹவுஸ், காப்ரியேல் காஸ்பர் ஆகியோரும் சேர்ந்து பல மொழிகளில் வேண்டுகோளையும் மன்னிப்பையும் ஒப்பிட்ட பெரிய ஆய்வு 1989-இல் நூலாக வந்தது. சூழ்நிலையை இரண்டு வரியில் சொல்லி, ஓர் இடத்தைக் காலியாக விட்டு, சில கேள்விகளில் எதிராளியின் பதிலையும் கீழே கொடுப்பார்கள். அறை நண்பர் சமையலறையை அலங்கோலமாக விட்டுவிட்டார், விருந்தினர் வரப்போகிறார்கள், என்ன சொல்வீர்கள் என்பது அதில் புகழ்பெற்ற ஒரு சூழ்நிலை.

அந்த ஆய்வில் சரி, தவறு என்று எதுவும் கிடையாது. ஆயிரம் பேர் ஆயிரம் விதமாக எழுதினால் அந்த ஆயிரமும்தான் தரவு. யார் நேரடியாகக் கேட்கிறார், யார் சுற்றி வளைக்கிறார், யார் காரணத்தை முதலில் சொல்கிறார் என்று எண்ணுவதற்கான கருவி அது. நம்மூரில் அந்தக் கருவியின் வடிவத்தை மட்டும் வைத்துக்கொண்டு, ஆயிரம் பதில்களில் ஒன்றைச் சரி என்று குறித்து, மற்றவற்றைச் சிவப்பு மையால் அடிக்கிறோம். தெர்மாமீட்டரை எடுத்து அதால் நோயாளியை அடிப்பது மாதிரி.

அந்த ஆய்வாளர்களுக்கே கருவியின் வரம்பு தெரியும். லெஸ்லி பீபியும் மார்த்தா கம்மிங்ஸும் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு மாநாட்டு வேலைக்கு உதவ முடியுமா என்று ஆங்கில ஆசிரியர்களில் சிலரிடம் தொலைபேசியில் கேட்டார்கள், வேறு சிலரிடம் அதே சூழ்நிலையைத் தாளில் கொடுத்தார்கள். மறுப்பவர்கள் பொதுவாக என்னென்ன உத்திகளைக் கையாள்வார்கள் என்பதைத் தாள் ஓரளவு சரியாகவே காட்டியது. ஆனால் தொலைபேசியில் வந்த நீளமும், திரும்பத் திரும்பச் சொல்வதும், தயங்குவதும், தாளில் வரவில்லை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே தாளில் எழுதுவது ஒன்று, வாயால் சொல்வது ஒன்று என்றால், வீட்டில் ஆங்கிலம் கேட்டே வளராத ஒரு மாணவியின் பேச்சை அந்தத் தாளில் அளந்துவிட்டதாக நாம் எந்தத் துணிச்சலில் சொல்கிறோம்?

இரண்டாவது வகைக் கேள்வி இன்னும் மோசம். ஒரு சூழ்நிலையைக் கொடுத்து, 'வாட் வில் யூ சே?' என்று கேட்பது. இங்கேதான் பண்பாடு, நாகரிகம் என்ற பெயரில் வேறொன்று உள்ளே வருகிறது.

பெனலோப் பிரவுனும் ஸ்டீபன் லெவின்சனும் மரியாதைப் பேச்சைப் பற்றி எழுதியபோது, ஒருவர் எவ்வளவு பணிவாகக் கேட்கிறார் என்பது மூன்றைப் பொறுத்தது என்றார்கள். கேட்பவருக்கும் கேட்கப்படுபவருக்கும் இடையிலான அதிகாரம், அவர்களுக்கு இடையிலான நெருக்கம் அல்லது தூரம், கேட்கும் காரியத்தின் சுமை. பேனா கேட்பதும் பத்தாயிரம் ரூபாய் கடன் கேட்பதும் ஒன்றல்ல. நண்பனிடம் கேட்பதும் அதிகாரியிடம் கேட்பதும் ஒன்றல்ல. அவர்கள் ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட மூன்று மொழிகளில் ஒன்று தமிழ். தமிழ்நாட்டுக் கிராமத்தில் சாதி எப்படி வாயில் வருகிறது என்பது அந்த ஆய்வின் மூலப்பொருள்களில் ஒன்று.

நமக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பள்ளிக்கூடம் போகும் ஆதிக்கசாதிச் சிறுவன் நம் தாத்தாவை 'டேய்' என்று கூப்பிட்டதும், தாத்தா அவனைச் 'சின்னய்யா' என்றதும் நம் வீடுகளில் இன்னும் நினைவிருக்கும் விஷயங்கள். தமிழில் மரியாதை ஒரு 'ங்க'வில் இருக்கிறது. 'வாங்க' யாருக்கு, 'வா' யாருக்கு, 'வாடா' யாருக்கு என்பதைச் சாதி பங்கிட்டு வைத்திருக்கிறது. ஆங்கிலத்தின் மேல் நம் ஆட்களுக்கு இருக்கும் ஆசையில் ஒரு பகுதி இதுதான் என்று நினைக்கிறேன். அங்கே 'யூ' ஒன்றுதான். கலெக்டருக்கும் 'யூ', காவலாளிக்கும் 'யூ'.

வினாத்தாள் அந்த ஒற்றை 'யூ'வை விட்டுவைக்கவில்லை. அன்று திருத்திய தாளில் இரண்டு சூழ்நிலைகள் அடுத்தடுத்து இருந்தன. ஒன்று, வங்கி மேலாளரிடம் கல்விக்கடன் விண்ணப்பம் கேட்க வேண்டும். விடைக்குறிப்பு: "குட் யூ ப்ளீஸ் கிவ் மீ அன் அப்ளிகேஷன் ஃபார்ம், சார்?" அடுத்தது, நீங்கள் வீட்டு உரிமையாளர், வேலைக்கு வரும் பெண் தாமதமாக வருகிறார். விடைக்குறிப்பு: "வொய் ஆர் யூ லேட்? கம் ஆன் டைம் ஃப்ரம் டுமாரோ."

மேலாளருக்கு 'குட் யூ ப்ளீஸ்'. வேலைக்காரப் பெண்ணுக்கு வெறும் கட்டளை. 'ங்க'வும் 'டா'வும் ஆங்கிலத்தில் இல்லாத குறையைத் தீர்த்துவிட்டார்கள்.

ஒரு தாளில் அந்த இரண்டாவது கேள்விக்கு இப்படி விடை இருந்தது: "அக்கா, ஆர் யூ ஓகே? வொய் லேட் டுடே?" முதலில் திருத்தியவர் 'அக்கா'வைச் சுற்றி வட்டம் போட்டு, ஓரத்தில் 'தமிழ் கலப்பு' என்று எழுதி, ஒரு மதிப்பெண் கொடுத்திருந்தார். எழுதியது யார் என்று எனக்குத் தெரியாது. டம்மி எண் மட்டும்தான் இருந்தது. அந்தப் பிள்ளையின் அம்மா நாலு வீட்டில் பாத்திரம் துலக்குகிறவராக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கேள்வியைத் தயாரித்தவர் மட்டும் ஒன்றை முடிவு செய்திருந்தார்: இந்தத் தாளை எழுதும் எல்லோரும் வேலைக்கு ஆள் வைக்கும் வீட்டுப் பிள்ளைகள்.

'ப்ளீஸ்' பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நாம் பேசும் தமிழில் அதற்கு நேரான சொல் இல்லை. 'தயவுசெய்து' அறிவிப்புப் பலகையிலும் மனுவிலும்தான் இருக்கிறது. வாய்த்தமிழில் பணிவு 'கொஞ்சம்', 'ங்க', இரண்டு முறை வரும் 'சார்' என்று பரவிக் கிடக்கிறது. 'சார், கொஞ்சம் ஃபார்ம் குடுங்க சார்' என்பது முழு மரியாதையுள்ள வாக்கியம். அது ஆங்கிலத்தில் "சார், கிவ் ஒன் ஃபார்ம், சார்" என்று வரும். மாணவர் தன் மரியாதையை எல்லாம் அந்த இரண்டு 'சார்'களில் வைத்திருக்கிறார். திருத்துபவர் இரண்டாவது 'சாரை' அடித்துவிட்டு, 'ப்ளீஸ்' இல்லை, பணிவு இல்லை என்று அரை மதிப்பெண் குறைக்கிறார். ஆங்கிலத்தில் வெறும் 'கிவ்' முரட்டுத்தனமாகக் கேட்கும், உண்மைதான். 'குட் யூ' என்று மாற்றினால் கதவுகள் எளிதாகத் திறக்கும், அதையும் கற்றுத்தர வேண்டும். ஆனால் கற்றுத்தருவது என்றால், 'உன் மொழியில் நீ செய்வதை அந்த மொழி இந்த இடத்தில் செய்கிறது' என்று வகுப்பில் விளக்குவது. விளக்காமலே அந்த மாணவருக்குப் பணிவு தெரியாது என்று தாளில் தீர்ப்பெழுதுவது பழைய குற்றச்சாட்டின் புது வடிவம்.

இந்த இரண்டு வகைக் கேள்விகளிலும் ஒருபோதும் வராத ஒன்று இருக்கிறது. தாளில் இருக்கும் உரையாடலில் யாருக்கும் எதுவும் காதில் விழாமல் போவதில்லை. எழுத்தர் வேகமாகப் பேசுவதில்லை, மின்விசிறி சத்தம் போடுவதில்லை, யாரும் பாதியில் குறுக்கிடுவதில்லை. நிஜப் பேச்சில் பாதி இதுதான். இம்மானுவேல் ஷெக்லாஃப், கெயில் ஜெஃபர்சன், ஹார்வி சாக்ஸ் மூவரும் 1977-இல் எழுதிய கட்டுரை, பேச்சில் ஏற்படும் பிசகைப் பேசுபவர்கள் எப்படிச் சரிசெய்துகொள்கிறார்கள் என்பதை மட்டுமே ஆராய்ந்தது. 'என்ன சொன்னீங்க?', 'மூணாம் தேதியா, பதிமூணா?', 'நான் கேட்டது அது இல்லை' என்பவையெல்லாம் இதில் அடக்கம். ஒரு மொழியில் உனக்குப் பேச வருமா என்பதற்கு முதல் சான்று, புரியாதபோது என்ன செய்கிறாய் என்பதுதான். முதல் தலைமுறையில் கல்லூரிக்கு வந்த பிள்ளைக்கு இது உயிர்ப் பிரச்சினை. உதவித்தொகைப் பிரிவில் ஒரு முறை சொன்னதைப் புரிந்துகொள்ளாமல், திரும்பக் கேட்கக் கூச்சப்பட்டுத் தலையாட்டிவிட்டு வந்து, கடைசித் தேதியைத் தவறவிட்ட நண்பர்கள் எனக்கு உண்டு. என் முனைவர் பட்டப் பதிவின்போது நானே அப்படி ஒரு படிவத்தைத் தவறவிட்டேன். "சாரி சார், குட் யூ சே தட் அகெய்ன்?" என்ற ஏழு சொற்கள் எனக்குத் தெரியும். தேர்வில் எழுதியதில்லை, அதனால் பழக்கமில்லை.

சரி, எழுத்துத் தேர்வை ஒழித்துவிட்டு வாய்மொழித் தேர்வு வைத்துவிடலாமே என்று தோழர்கள் சிலர் கேட்கிறார்கள். பேச்சைப் பேச்சாகத்தானே சோதிக்க வேண்டும்? பாடநூல் தர்க்கப்படி சரி. இந்த இடத்தில் நான் எதிர்ப்பக்கம் நிற்கிறேன்.

அந்த 'அக்கா' விடைக்கு நான் முழு மதிப்பெண் போட முடிந்ததும், தலைமைத் தேர்வாளரோடு சண்டை போட முடிந்ததும், எழுதியவர் யாரென்று எங்கள் இருவருக்குமே தெரியாததால்தான். டம்மி எண்ணுக்கு ஊர் இல்லை, நிறம் இல்லை, அப்பா பெயர் இல்லை. எதிரே உட்காரவைத்து ஐந்து நிமிடம் பேசச் சொன்னால் இவை எல்லாம் மேசைக்கு வந்துவிடும். 'எந்த ஊர்ப்பா?', 'அப்பா என்ன பண்றாரு?' என்று தொடங்கும் நேர்முகத் தேர்வுகளில் என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரியும். எழுத்துத் தேர்வில் மேலே இருந்த நம் பிள்ளைகள் நேர்முகத்தில் ஒற்றை இலக்கத்துக்கு இறங்குவதைப் பார்த்தவர்கள் நாம். பேச்சு ஆங்கிலத்தில் உச்சரிப்பு என்ற சாக்கும் சேர்ந்துகொள்ளும். கான்வென்ட் நாக்குக்கு எட்டு, சேரி நாக்குக்கு மூன்று, கேட்டால் 'ஃப்ளுயன்ஸி' என்பார்கள். அதற்கு மறுமதிப்பீடு கேட்கத் தாளும் இருக்காது.

ஆகவே எழுத்துத் தாள் இருக்கட்டும், ஆனால் அதன் உள்ளடக்கத்தை மாற்றுங்கள் என்பதுதான் என் வாதம். மாற்ற வேண்டியது அதிகமில்லை. கோட்டுக்குக் கீழே இருக்கும் வசனத்தை எடுத்துவிட்டால் அடுத்த வரியிலிருந்து கண்டுபிடிக்கும் வித்தை போய்விடும். மேலே நடந்ததை மட்டும் வைத்து மாணவர் எழுத வேண்டும். விடைக்குறிப்பில் ஒற்றை வாக்கியத்துக்குப் பதில் மூன்று கேள்விகள் இருக்கட்டும்: கேட்பவருக்குப் புரியுமா, காரியம் நடக்குமா, அந்த ஆளிடம் அப்படிப் பேசலாமா. முதல் இரண்டும் சரியென்றால் பாதிக்கு மேல் மதிப்பெண். 'த' விட்டதற்குக் கால் மதிப்பெண் குறைத்துக்கொள்ளுங்கள், யாரும் அழப்போவதில்லை. மூன்றாவது கேள்வியை வங்கி மேலாளருக்குக் கேட்பதுபோலவே வேலைக்கு வரும் பெண்ணுக்கும் கேளுங்கள். 'கம் ஆன் டைம்' என்று அவரிடம் கத்துபவருக்கும் மதிப்பெண் குறையட்டும்.

இதிலும் ஓட்டை உண்டு. ஒற்றை விடை இல்லாவிட்டால் திருத்துபவருக்குத் திருத்துபவர் மதிப்பெண் மாறும். ஒரு தாளைப் பத்து பேரிடம் கொடுத்து, அவர்கள் போடும் மதிப்பெண்ணைப் பக்கத்தில் வைத்துப் பேசிய பிறகுதான் மற்ற தாள்களைத் தொட வேண்டும். அரை நாள் ஆகும். அந்த அரை நாளுக்குப் படி கொடுக்கப் பல்கலைக்கழகங்கள் முரண்டு பிடிக்கும். சூழ்நிலைகளை மாற்றுவதற்கு மட்டும் ஒரு ரூபாய் செலவில்லை. ஓட்டல் வரவேற்பறையிலும் விமான நிலையத்திலும் நின்றது போதும்.

அன்றைக்குத் திரும்பும்போது பேருந்தில் என் நோட்டின் பின்பக்கத்தில் ஒரு கேள்வி எழுதிவைத்தேன். அடுத்த முறை வினாத்தாள் தயாரிக்கும் வாய்ப்பு வந்தால் அனுப்பலாம் என்று. 'உதவித்தொகைப் பிரிவில் இருக்கிறீர்கள். எழுத்தர் உங்களை நிமிர்ந்து பார்க்காமலே வேகமாக ஒரு தேதி சொல்கிறார். உங்களுக்குப் பாதிதான் கேட்டது. பின்னால் பத்து பேர் நிற்கிறார்கள். என்ன சொல்வீர்கள்? அவர் எரிச்சலோடு "ஐ ஹேவ் ஆல்ரெடி டோல்ட் யூ" என்கிறார். இப்போது என்ன சொல்வீர்கள்?' பத்து மதிப்பெண்.